மிச்சம் பிடித்த மூச்சு

என் கணவருக்குச் சாதாரணமாகத் தொண்ணூற்றிரண்டு காட்டும். எனக்குத் தொண்ணூற்றெட்டு. விரலைக் கவ்விப் பிடித்து, இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவியைச் சொல்கிறேன். கொரோனாக் காலத்தில் மகள் லண்டனிலிருந்து அனுப்பியது. நோய் அடங்கிய பிறகும் அது எங்கள் சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. காலையில் தேத்தண்ணி குடித்ததும் அவர் விரலை நீட்டுவார், நான் மாட்டிவிடுவேன். மற்ற வீடுகளில் பேப்பர் பார்ப்பதுபோல எங்கள் வீட்டில் அது.

அவர் திருமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பலில் வரும் சீமெந்தை இறக்குவதும் பண்டகசாலையில் அடுக்குவதும். வேலை முடிந்து வரும்போது இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். அதோடு சிகரெட்டும். துறைமுகத்தில் எல்லாரும் அப்படித்தான், தூசியைக் கழுவ தேத்தண்ணி, தேத்தண்ணிக்குத் துணையாகப் புகை. வேலையிலிருந்து இளைப்பாறின பிறகுதான் நெஞ்சு கணக்குக் கேட்கத் தொடங்கியது. சந்திக் கடைக்குப் போய்வர இரண்டு இடத்தில் நிற்பார். நிற்பது தெரியக்கூடாது என்பதற்காக யாரையாவது பிடித்துக் கதை கொடுப்பார். எங்கள் தெருவில் அவரை நல்ல கதைகாரர் என்று சொல்வார்கள்.

மகள் போய்ப் பல வருசமாகிவிட்டது. அங்கேயே கலியாணம் முடித்தாள், நாங்கள் அதைத் தொலைபேசியில் பார்த்தோம். பிறகு ஒரு ஆண்பிள்ளை. மருமகனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. மகளுடைய பத்திரங்கள்தான் இன்னும் சரிவரவில்லை. அவள் வெளியே வந்தால் திரும்பப் போக ஏலாது. ஆகவே பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள்தான் போகவேண்டும். இரண்டு முறை விசா மறுத்தார்கள். மூன்றாம் முறை தந்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் கடற்கரை வரைக்கும் நடந்து போய்வந்தார். வந்து கதிரையில் இருந்து வெகுநேரம் பேசவில்லை, பேச மூச்சு இல்லை. முகத்தில் மட்டும் சிரிப்பு.

மாதாந்தக் கிளினிக்கில் இந்தச் சங்கதியைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் உறுதி வாங்கியிருந்தார். ஆனால் டொக்டர் "வேற என்ன புதினம்?" என்று கேட்டதும் தானே சொல்லிவிட்டார். சந்தோசத்தை அடக்க அவருக்குத் தெரியாது.

நெஞ்சு நோய்க்கு வரும் அந்த டொக்டர் இளம் பெண்பிள்ளை. எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார்.

"விமானத்திலயா ஐயா?"

"பின்னை? திருமலையிலயிருந்து தோணியிலயா போறது, டொக்டர்?"

டொக்டர் சிரித்தார். ஆனால் உடனே எழும்பி, எங்களை வெளி விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். விரலில் கருவியை மாட்டிவிட்டு அவரை அந்த விறாந்தையில் மேலும் கீழுமாக நடக்கச் சொன்னார். தாதி ஒருவர் கூடவே நடந்தார். என் கணவர் நடந்தார், ஆனால் உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுவதுபோல நீளமாக ஊதி ஊதி நடந்தார். எனக்கு அந்தத் தந்திரம் தெரியும். கிளினிக்கில் இளைப்புக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. ஆழமாக இழுத்து அப்படி ஊதினால் இலக்கம் கொஞ்ச நேரத்துக்கு ஏறும். வீட்டிலும் நான் கருவியை எடுக்கும்போது ஊதத் தொடங்கிவிடுவார்.

"ஐயா, இது சோதினை இல்லை, பாசாகிறதுக்கு. ஊதாதேங்கோ. சும்மா கதைச்சுக்கொண்டு நடவுங்கோ" என்றார் டொக்டர்.

கதைத்துக்கொண்டு நடந்ததும் இலக்கம் எண்பத்தாறுக்கு வந்தது. உள்ளே கூட்டிவந்து அவரை இருத்திவிட்டு, டொக்டர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் ஏறினதில்லை. ஆனால் அன்றைக்குச் சொன்னது இன்றைக்கும் அப்படியே மனத்தில் இருக்கிறது.

"விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல பறக்கும். அங்கத்தைக் காத்தில மனுசர் இருக்க ஏலாது. அதால உள்ளுக்குக் காத்தை அமுக்கி வைச்சிருப்பினம். ஆனா எங்கட தரையில இருக்கிற அளவுக்கு அமுக்கிறதில்லை. அவ்வளவு அமுக்கிறதெண்டால் விமானத்தை இன்னும் பாரமாக் கட்டவேணும். கூடினபட்சம் எண்ணாயிரம் அடி மலையில இருக்கிற மாதிரி விடுவினம். சில புது விமானங்களில கொஞ்சம் நல்லம்."

"நுவரெலியா மாதிரியோ?" என்று கேட்டார் இவர்.

"நுவரெலியாவுக்கும் மேல. சிவனொளிபாத மலை உச்சிக்கும் கொஞ்சம் மேல."

"அப்ப படி ஏறாமலே மலை ஏறலாம். புண்ணியம்தானே!"

"ஏறலாம் ஐயா. காத்தில ஒட்சிசன்ர பங்கு அங்கயும் அதேதான், அஞ்சில ஒண்டு. ஆனா காத்தே ஐதாப் போயிடும். ஒரு மூச்சுக்குக் கிடைக்கிறது குறையும். விமானத்தில இருக்கிற எல்லாருக்கும் குறையும். அம்மாவுக்கும் குறையும்."

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. டொக்டர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேசையில் இருந்த மருந்துப் போத்தல்கள் இரண்டை எடுத்து, ஒன்றை மேசை நடுவிலும் மற்றதை விளிம்பிலும் வைத்தார்.

"இது அம்மா, நடுவில நிக்கிறா. இது ஐயா, விளிம்பில நிக்கிறார்." இரண்டையும் ஒரே அளவு தள்ளினார். நடுவில் இருந்தது இன்னும் மேசையில்தான் நின்றது. விளிம்பில் இருந்தது விழ, அதை மற்றக் கையால் ஏந்திப் பிடித்தார். "ரெண்டு பேரையும் தள்ளுறது ஒரே அளவுதான். சுகமான ஆளுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு எண்டு வரும், ஒண்டும் தெரியாது. அதில இருந்து கீழதான் சரிவு. அதுக்குப் பிறகு கொஞ்சம் காத்துக் குறைஞ்சாலும் இலக்கம் சறுக்கிக்கொண்டு போகும். ஐயா ஏற்கெனவே அதுக்குக் கிட்ட நிக்கிறார்."

என் கணவர் அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப போக ஏலாதோ, டொக்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பகிடி இல்லை.

"அதைத்தான் பாக்கவேணும்" என்றார் டொக்டர்.

பார்ப்பதற்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் முழு நாளும் போய், என் தம்பி வீட்டில் படுத்து, அடுத்த நாள் காலையில் அந்த இடத்துக்குப் போனோம். சின்ன அறை. கதிரையில் இருத்தி, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கைப் போட்டு, ஒட்சிசன் குறைத்த காற்றைச் சுவாசிக்க விட்டார்கள். விமானத்தின் உள்ளே கிடைப்பதற்குச் சரிசமமான காற்று என்று சொன்னார்கள். மலைக்குப் போகாமலே மலையைக் கொண்டுவந்து மூக்கில் வைத்ததுபோல. நான் சுவரோரமாக இருந்து இலக்கத்தைப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு, எண்பத்தேழு. அவர் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எண்பத்தைந்து. மறுபடியும் விரலை உயர்த்தினார். எண்பத்திரண்டு.

அதைத்தான் நான் மறக்கவில்லை. இலக்கம் இறங்க இறங்க அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நோகவில்லை, மூச்சு முட்டவில்லை. கண்ணில் ஒரு மயக்கமான சிரிப்பு மட்டும் இருந்தது, இரண்டு கிளாஸ் கள்ளுக் குடித்தவர்போல.

பிறகு மாஸ்க்குக்கு உள்ளே மூக்கில் ஒரு மெல்லிய குழாயை வைத்து, நிமிசத்துக்கு இரண்டு லீற்றர் ஒட்சிசன் விட்டார்கள். அதே ஐதான காற்றோடு அதுவும் சேர்ந்து போனது. இலக்கம் மெல்ல ஏறித் தொண்ணூற்றொன்றில் நின்றது.

திருமலைக்குத் திரும்பியதும் டொக்டர் அந்த முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போகலாம். ஆனா மேல நிக்கிற நேரம் முழுக்க ஒட்சிசன் போய்க்கொண்டு இருக்கவேணும். சாப்பிடேக்கையும், நித்திரையிலயும், கழிப்பறைக்குப் போகேக்கையும். முக்கியமா எழும்பி நடக்கேக்கை."

"ஓம் ஓம்" என்றார் அவர். 'போகலாம்' என்பதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்காது.

துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த கிண்ணியாக்காரர் ஒருவர் இருக்கிறார். இப்போது டவுனில் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அந்தக் கிழமை நானா எங்கள் வாசலில் ஓட்டோவை நிப்பாட்டி, கீழே இறக்கிய சாமானைப் பார்த்து நான் உள்ளே ஓடிவிட்டேன். கறுப்பு நிறச் சிலிண்டர் ஒன்று, சின்னது, மேலே மணிக்கூடு மாதிரி அமுக்கமானி.

"மச்சான், இந்தா உன்ட மூச்சு! ரெண்டு லீற்றர் என்ன, இருவது லீற்றரும் விடும்" என்றார் நானா.

"இது இரும்பு வெட்டுறதெல்லோ, நானா?"

"இரும்பை வெட்டினா என்ன, ஒட்சிசன் ஒட்சிசன்தானே? உன்ட நெஞ்சும் துருப் பிடிச்ச இரும்புதானே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவருக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமெடுத்தது. நானாவின் முகம் மாறிவிட்டது. "இதைக் கைப்பையில போட்டுக்கொண்டு போ, மச்சான். விமானக்காரனுக்கு நோயைச் சொல்லாதே, சொன்னா ஏத்த மாட்டான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் மக்காவுக்குப் போகக்குள்ள எனக்கும் இழுப்பு இருந்திச்சு. ஒருத்தருக்கும் சொல்லல்ல. ஒண்டும் ஆகல்ல."

குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆட்களுக்கு முன்னால் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. நானா போன பிறகுதான் சொன்னேன்: "இஞ்சருங்கோ, நானாவின்ர இழுப்பு வேற, உங்கட நோய் வேற. டொக்டர் சொன்னபடி செய்வம்."

"உமக்கு டொக்டர் சொன்னால் வேதம்."

"ஓம், வேதம்தான்."

மருமகன் விமானக் கொம்பனியோடு கதைத்தார். சொந்தச் சிலிண்டர் எதையும் விமானத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பற்றரியில் ஓடும் ஒரு கருவி உண்டு. நாங்கள் சுவாசிக்கும் காற்றையே இழுத்து, அதிலுள்ள நைதரசனைப் பிரித்து விட்டு, ஒட்சிசனைச் சேர்த்து மூக்குக்குத் தரும். மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தில் மட்டும் 'புஸ்' என்று ஒருமுறை விடும். அவர்கள் ஒப்புக்கொண்ட வகையாக இருக்கவேண்டும், பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓடப் பற்றரி கையோடு இருக்கவேண்டும். டொக்டர் கடிதம் கொடுத்தார். கருவியைக் கொழும்பில் வாடகைக்கு எடுத்தோம். நானாவின் சிலிண்டர் திரும்ப வெல்டிங் கடைக்குப் போனது.

பற்றரிகளைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. எங்கள் ஊரில் சண்டைக் காலத்தில் வருசக்கணக்காக மின்சாரம் இல்லாமல் இருந்திருக்கிறோம். ரேடியோவில் செய்தி கேட்க மட்டும் பற்றரி போட்டு, செய்தி முடிந்ததும் கழற்றி வைத்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் எங்கள் எலும்பில் ஊறிப்போனது. எதையும் முடிய விடக்கூடாது, நாளைக்கு என்று கொஞ்சம் கிடக்கவேண்டும்.

விமானம் பகலில் புறப்பட்டது. எனக்கு அது முதல் பயணம். ஏறும்போது காது அடைத்தது. அவருக்கு யன்னலோரம், எனக்கு நடு இருக்கை, மற்றப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கருவி அவருடைய காலடியில் பூனைபோல இருந்து 'புஸ், புஸ்' என்றது. மூக்கில் குழாயோடு இருக்க அவருக்கு வெட்கம். சால்வையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டார்.

சாப்பாடு வந்தது. குழாயைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டார். சாப்பாட்டுத் தட்டை எடுத்த பிறகும் போடவில்லை. கருவியையும் நிப்பாட்டிவிட்டார்.

"போடுங்கோ."

"பொறும். இப்ப நல்லாத்தானே இருக்கு. இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு! தேவைப்படேக்கை போடுவம். பற்றரியை இப்பவே முடிச்சுப்போட்டு லண்டனுக்குக் கிட்டப் போய் என்ன செய்யிறது?"

"ஒன்றரை மடங்கு இருக்கெண்டு சொன்னவை."

"சொல்லுவினம். மிச்சம் பிடிக்கிறதில என்ன பிழை?"

நான் கைப்பையிலிருந்து விரல் கருவியை எடுத்து அவருக்கு மாட்டினேன். ஊதத் தொடங்கினார். "ஊதாதேங்கோ" என்றேன். எண்பத்துமூன்று. கை குளிர், அதுதான் பிழையாகக் காட்டுகிறது என்றார். உண்மையில் கை குளிராகத்தான் இருந்தது. இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி மறுபடியும் பார்த்தேன். எண்பத்துமூன்றுதான்.

"உமக்குப் போட்டுப் பாரும்."

எனக்கு மாட்டினேன். தொண்ணூற்றெட்டுக்குக் கீழே நான் ஒருநாளும் கண்டதில்லை. தொண்ணூற்றிரண்டு காட்டியது. கழற்றி மற்ற விரலில் போட்டேன். அதிலும் தொண்ணூற்றிரண்டு.

அவருக்கு வந்த சந்தோசம்! "பாத்தீரே! உமக்கும் குறைஞ்சு போச்சு! உமக்கு நெஞ்சில வருத்தமே? இல்லையே? மெசின் பிழை. சுகமான ஆளுக்கே குறைச்சுக் காட்டுற மெசின், எனக்கு எப்பிடிச் சரியாக் காட்டும்?"

ஒரு நிமிசம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் வீட்டில் தொண்ணூற்றிரண்டு என்பது அவருடைய இலக்கம். அது என் விரலில் வந்ததும் ஏதோ அவருடைய சட்டை மாறி எனக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. பிறகுதான் மேசையும் இரண்டு போத்தலும் ஞாபகம் வந்தன. மெசின் பிழையில்லை. என்னையும் தள்ளியிருக்கிறது, நான் இன்னும் மேசையில் நிற்கிறேன். அவர் நிற்கவில்லை.

அதைச் சொன்னேன். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு ஒண்டும் செய்யேல்லையப்பா. என்ர உடம்பு எனக்குத் தெரியாதே?" என்றார். கொழும்பில் கட்டை விரலை உயர்த்திக் காட்டிய அதே முகம். எண்பத்தைந்தில் இருந்துகொண்டு விரலை உயர்த்திய முகம்.

விவாதம் செய்து எனக்குக் களைத்துவிட்டது. இந்தப் பயணத்துக்காக ஓடின ஓட்டம், கொழும்பு, கடிதங்கள், அவருடைய இருமலோடு விழித்திருந்த இரவுகள் எல்லாம் அந்த இருக்கையில் வந்து என் மேல் இருந்தன. கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்போம், கோபம் ஆறட்டும் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். கண் திறந்தபோது அவர் என்னையும் அந்த வெள்ளைக்காரப் பெண்ணையும் கடந்து நடைபாதைக்குப் போயிருந்தார். கழிப்பறை பின்னால், வெகு தூரத்தில். குழாய் இருக்கையில் கிடந்தது.

நான் எழும்பிப் பின்னால் போனேன். கழிப்பறைக் கதவுக்கு முன்னால் வரிசை. அவர் முறைக்காக நின்றுகொண்டிருந்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தார். தெருவில் நிற்பதுபோலத்தான் நின்றார், முன்னால் நின்றவரிடம் ஏதோ கதை கொடுக்கப் பார்த்தார். ஆனால் கதை வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. உதடு ஈயம்போல இருந்தது. நகங்களும் அப்படியே.

"இஞ்சருங்கோ" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். யாரென்று தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

எனக்கு ஆங்கிலம் வராது, சிங்களமும் சந்தைக்குப் போகும் அளவுதான். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அந்தப் பணிப்பெண்களைக் கூப்பிட வெட்கப்பட்டு, தாகத்தோடு இருந்தவள் நான். அன்றைக்கு அந்தப் பின்பக்கம் முழுக்கக் கேட்கும்படி, "ஒட்சிசன்! ஒட்சிசன்!" என்று கத்தினேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பணிப்பெண் ஒருத்தி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். நம்முடைய நாட்டுப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் தெரிந்தவள். அவரைப் பிடித்துத் தங்களுடைய மடக்கு இருக்கையில் இருத்தி, முன்னால் சாய்ந்து முழங்காலில் கையை ஊன்றச் செய்தாள். "அன்ரி, அங்கிளின் மெசின் எங்க?" என்றாள். நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவள் விமானத்தின் சிலிண்டரைக் கொண்டுவந்து, மாஸ்க்கைப் போட்டு, குறைந்த அளவில் திறந்திருந்தாள். விரல் கருவியை மாட்டினேன். எழுபத்துமூன்று. அந்த இலக்கத்தை அதுவரை நான் கண்டதில்லை.

அவர் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அந்தப் பணிப்பெண்ணிடம் சொன்ன முதல் சொல், "ஒருத்தருக்கும் சொல்லாதே, மகள்."

"சொல்லணும் அங்கிள். கப்டனுக்குச் சொல்லணும்."

"சொன்னால் இறக்கிப் போடுவாங்கள். எங்கயாவது வேற நாட்டில இறக்கிப் போடுவாங்கள். நான் பிள்ளையைப் பாக்கவேணும்."

"கதைக்க வேணாம் அங்கிள். மூச்சு எடுங்க."

அவள் போய்த் தொலைபேசியை எடுத்துக் கப்டனோடு கதைத்தாள். நான் அவர் முன்னால் தரையில் இருந்தேன். வேறு இடம் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, இலக்கத்தைப் பார்த்தார். எழுபத்தெட்டு. வரிசையில் நின்றவர்கள் மற்றப் பக்கக் கழிப்பறைக்குப் போனார்கள். எண்பத்துநாலு. யாரோ ஒரு கோப்பைத் தண்ணீர் தந்தார்கள், யாரென்று நான் பார்க்கவில்லை. எண்பத்தெட்டு. உதட்டில் இரத்தம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றொன்று.

பணிப்பெண் திரும்பி வந்தாள். கப்டன் தரையில் இருக்கும் ஒரு டொக்டரோடு கதைத்ததாகவும், இலக்கம் தொண்ணூறுக்குக் கீழே போகாமல் நின்றால் வழியில் இறக்கத் தேவையில்லை என்று அவர் சொன்னதாகவும் சொன்னாள். விழுந்தால் இறக்கத்தான் வேண்டும். பிறகு இவரிடம் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்:

"மெசின் இருக்கே, ஏன் அங்கிள் போடல்ல?"

அவர் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டார். நான் சொன்னேன்: "பற்றரியை மிச்சம் பிடிச்சவர்."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். "எங்கட அப்பாவும் இப்படித்தான். டோர்ச் லைற்றையும் அணைச்சு அணைச்சுத்தான் கொளுத்துவார்" என்றாள்.

அப்புறம் மிச்சப் பயணம் முழுக்க நான் கண் மூடவில்லை. குழாய் மூக்கில் இருக்கிறதா, காலடியில் 'புஸ்' கேட்கிறதா என்று மட்டும் கவனித்தேன். அவர் என்னோடு கோபம். கத்தி மானத்தை வாங்கிவிட்டேனாம். நித்திரையானதும் தலை ஒரு பக்கம் சரிந்து குழாய் நழுவியது, நான் எடுத்து வைத்தேன். மறுபடியும் நழுவியது. கடைசியில் நெற்றியில் பூசக் கொண்டுவந்த சந்தனக் கட்டையைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டியை எடுத்து, தலைக்குப் பின்னால் குழாயைச் சேர்த்துப் போட்டேன். பணிப்பெண் அடிக்கடி வந்து இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. ஒருமுறை எண்பத்தொன்பது காட்டியது, நான் அவரைத் தட்டி எழுப்பினேன். அவர் இருமிவிட்டு நிமிர்ந்து இருந்ததும் ஏறியது. யன்னலுக்கு வெளியே வெயில் முடியாமல் எங்களோடேயே வந்தது. ஒரு பகல் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

விமானம் இறங்க இறங்க இலக்கம் தானாகவே ஏறியது. காது அடைத்தது, வலித்தது. ஆனால் ஒவ்வொரு அடைப்புக்கும் உள்ளே காற்றுத் தடிக்கிறது என்று நினைக்க அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. தரையில் சில்லு முட்டியபோது தொண்ணூற்றைந்து. குழாயைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு இலக்கம், தொண்ணூற்றிரண்டு. எனக்குத் தொண்ணூற்றெட்டு.

"பாரும்" என்று அவர் பையைத் திறந்து காட்டினார், அன்றைக்கு அந்தக் கோபத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை. "ஒரு பற்றரி தொடாமலே கிடக்கு. நான் சொன்னனானெல்லோ?"

நான் பையை வாங்கி மூடினேன்.

சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடிக் கதவு திறந்ததும் மகள் நின்றாள். பிள்ளை அவள் இடுப்பில். கதிரையைக் கண்டதும் அவள் முகம் வாடிப்போனது. தொலைபேசியில் அவர் எப்போதும் கதிரையில் இருந்தபடிதான் கதைப்பார், நடப்பதை அவள் கண்டதில்லை.

"அப்பா, இவ்வளவு வருத்தமெண்டு ஏன் சொல்லேல்லை?"

"ஆர் சொன்னது வருத்தமெண்டு? இது மரியாதைக்குத் தள்ளிக்கொண்டு வாறாங்கள்" என்றார் அவர். கையை நீட்டினார். பிள்ளை போகவில்லை, தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர் கையை நீட்டியபடியே இருந்தார். பொறுமையாக இருந்தார். பிள்ளை மெல்ல ஒரு விரலைப் பிடித்தது.

மகள் வீட்டுக்குப் போனதும் எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். சப்பாத்தைக் கழற்றாமலே சோபாவில் சாய்ந்தேன். கண் தானாக மூடியது. அடுத்த அறையில் அவர் மருமகனுக்குப் பயணக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே மூச்சு வாங்கினார், ஆனால் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"எனக்கு ஒண்டும் இல்லைத் தம்பி. உங்கட மாமிக்குத்தான் பயம். பாதி வழியில அவவுக்கும் ஒட்சிசன் குறைஞ்சு போச்சு, தெரியுமே? தொண்ணூற்றிரண்டு! ஒரு கத்து கத்தினா பாரும், விமானமே நிண்டு போச்சு..."

மருமகன் சிரித்தார். பிள்ளையும் சிரித்தது. என்ன விளங்கியதோ தெரியாது. எழும்பிப் போய் அது அப்படியில்லை என்று சொல்ல நினைத்தேன். அவர் குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் எழும்பவில்லை.